பதவி விலகல் கடிதத்தில் எது மென்மையாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது?

“சொந்த வேலை காரணமாக ஆலய நிர்வாகப் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இதுவரை ஒத்துழைப்பு வழங்கிய தலைவருக்கும் செயலவையினருக்கும் நன்றி.”

நம் நாட்டில் ஆலய நிர்வாகங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் எழுதப்படும் விலகல் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். சிலருக்கு உண்மையிலேயே சொந்த வேலைதான் காரணம். வேலை இடமாற்றம், உடல்நலம், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று எத்தனையோ இருக்கும். ஆனால் பொருளாளர் ஒருவர் தவணை முடிய ஓராண்டு இருக்கும்போது, திருவிழா முடிந்த கையோடு இப்படி எழுதினால், அதில் வேறு விஷயம் இருக்கிறது என்பது தாமான் முழுக்கத் தெரியும். யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த மென்மையைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த பல ஆலயங்களில் தலைவரும் பொருளாளரும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். ஒருவர் மகள் திருமணத்தில் மற்றவர் பந்தலுக்கு நின்றிருப்பார். பாதி செயலவை மாமன், மச்சான் உறவாக இருக்கும். நாளை ஒரு துக்க வீடு என்றால் அதே ஆள்தான் முதலில் வந்து நாற்காலி இறக்குவார். காரணத்தைக் காகிதத்தில் எழுதி உறவை முறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

ஆனால் காரணத்தை மறைக்க எழுதும் கடிதத்தில், கூடவே கணக்கும் மறைந்துவிடுகிறது. பின்னால் சிக்கல் வரும்போது அது பெரும்பாலும் விலகிப்போனவர் தலையில்தான் விழுகிறது. இங்கு பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்

ஓர் எடுத்துக்காட்டு. பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒன்று தாமானுக்கு மாறி, சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவு பெற்று நடக்கிறது. பொருளாளர் பணி ஓய்வு பெற்ற ஓர் அலுவலகக் குமாஸ்தா. கணக்கில் கறாரானவர். மார்ச் மாதத் திருவிழாவுக்காக செயலவை ஒப்புதலுடன் தலைவரிடம் 3,000 ரிங்கிட் முன்பணம் கொடுக்கப்படுகிறது. மேளக்காரர், கூடாரம், பூ, அன்னதானச் சாமான் எல்லாவற்றுக்கும் தலைவர்தான் ஓடுகிறார். திருவிழா சிறப்பாக முடிகிறது. பொருளாளர் கைக்கு வந்து சேர்ந்த பில்கள் 1,850 ரிங்கிட்டுக்கு. மீதி 1,150 ரிங்கிட்டுக்குப் பில் இல்லை.

இன்னொரு பக்கம், திருவிழா நாட்களில் கோயில் முகப்பில் உபயப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ரசீது எண் 351 முதல் 372 வரை மொத்தம் 22 ரசீதுகள், 2,830 ரிங்கிட். வங்கியில் போடப்பட்டது 2,200 ரிங்கிட்தான். மீதி 630 ரிங்கிட்டை அப்போதைய செலவுக்கு அங்கேயே எடுத்துக்கொண்டார்கள்.

பொருளாளர் கேட்கிறார். “அண்ணே, திருவிழா நேரத்துல ஒவ்வொரு கடையிலயும் பில்லு கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா? நான் என்ன வீட்டுக்கா கொண்டு போனேன்?” என்கிறார் தலைவர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தம் கைக்காசையும் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டையும் கூட்டினால் 1,780 ரிங்கிட்டுக்குக் காகிதம் இல்லை. அடுத்த மாதம், கோயில் வெளிச்சுவர் வேலைக்காகத் தொகை எழுதாத காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்கிறார்கள். பொருளாளருக்குத் தூக்கம் போகிறது. ‘சொந்த வேலை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார்.

இப்போது அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போவோம். கணக்காய்வாளர்கள் ஏடுகளைப் பார்க்கிறார்கள். 1,780 ரிங்கிட்டுக்குப் பில் இல்லை என்று குறிப்பு எழுதுகிறார்கள். கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கிறார். புதிய பொருளாளர், “அது எனக்கு முந்தின காலத்துக் கணக்கு” என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. தலைவருக்கு ஓராண்டுக்கு முந்தைய பூக்கடைப் பில் நினைவில் இல்லை. எல்லார் பார்வையும் கூட்டத்துக்கு வராத ஒருவர் மீது போகிறது. “அதான் அவரு திடீர்னு விலகினாரா?” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. தவறு செய்யாத, தவறைத் தடுக்கப் பார்த்த மனிதரின் மென்மையான இரண்டு வரி, ஓடிப்போனவரின் சாக்குப்போக்காக மாறிவிடுகிறது.

பதவியை விட்டாலும் பெயர் இருக்கும்

பலரும் நினைப்பதுபோல் கடிதம் கொடுத்த அன்றே பொருளாளர் என்ற பெயர் எல்லா இடத்திலிருந்தும் அழிந்துவிடாது. குறைந்தது மூன்று இடங்களில் அது தங்கியிருக்கும்.

முதலாவது வங்கி. பதிவிலாகாவின் மாதிரிச் சட்டவிதியைப் பின்பற்றும் சங்கங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தாளரை மாற்ற வேண்டுமென்றால், அதை முடிவு செய்த செயலவைக் கூட்டத்தின் குறிப்பு உள்ளிட்ட ஆவணங்களை வங்கிகள் கேட்கும். அது முடியும்வரை வங்கி ஏட்டில் பழைய பொருளாளரின் கையெழுத்துதான் செல்லும். முன்கூட்டியே கையெழுத்திட்ட காசோலை ஏதாவது வெளியில் இருந்தால், விலகிய பிறகும் அதைப் பயன்படுத்திப் பணம் எடுக்க முடியும்.

இரண்டாவது பதிவிலாகா. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் சங்கம் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இப்போது அது eROSES இயங்கலை முறை வழியாகப் போகிறது. பதவியாளர் பட்டியலும் கணக்கறிக்கையும் அதில் சேர்ந்தவை. இடையில் விலகியவரின் பெயரைச் செயலாளர் மாற்றாமல் விட்டால், ஏட்டில் அவர்தான் இன்னும் பொருளாளர்.

மூன்றாவது, அவர் பதவியில் இருந்த காலம். விலகல் என்பது வரப்போகும் நாட்களுக்குத்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவர் பொறுப்பில் இருந்த பணத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய நிலை, கடிதம் கொடுத்ததால் மாறிவிடாது. ஆகவே அந்தக் காலத்துக் கணக்கு எந்த நிலையில் கைமாறியது என்பதைக் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்.

காரணத்துக்கு ஒரு வரி, கணக்குக்கு ஒரு தாள்

இதற்கு வழி, காரணத்தையும் கணக்கையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வதுதான். ஏன் விலகுகிறோம் என்பதை எவ்வளவு மென்மையாக வேண்டுமானாலும் எழுதலாம், எழுதாமலும் விடலாம். எதை எந்த நிலையில் ஒப்படைக்கிறோம் என்பதை மட்டும் எண்ணோடு எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில் உள்ள பொருளாளர் இப்படி எழுதியிருக்கலாம்:

“மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். இவ்வாண்டு என்னால் பொருளாளர் பொறுப்புக்கு வேண்டிய நேரத்தை ஒதுக்க இயலாது என்பதால், மே மாதம் 31ஆம் தேதியுடன் அப்பொறுப்பிலிருந்தும் செயலவையிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். ஆலயத்தின் சாதாரண உறுப்பினராகத் தொடர்கிறேன்.

ஏப்ரல் 30ஆம் தேதி நிலவரப்படி வங்கியிருப்பு 14,860 ரிங்கிட் 40 சென். கையிருப்பு ரொக்கம் 185 ரிங்கிட் 60 சென். மொத்தம் 15,046 ரிங்கிட். வங்கிக் கணக்கறிக்கையின் நகலை இணைத்துள்ளேன்.

திருவிழா முன்பணம் 3,000 ரிங்கிட்டில் 1,850 ரிங்கிட்டுக்கான பில்கள் கோப்பில் உள்ளன. 1,150 ரிங்கிட்டுக்கான பில்கள் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. ரசீது எண் 351 முதல் 372 வரையிலான உபயத்தொகை 2,830 ரிங்கிட்டில் 2,200 ரிங்கிட் வங்கியில் போடப்பட்டது. 630 ரிங்கிட் திருவிழாச் செலவுக்கு ரொக்கமாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. அதற்கான பில்களும் வந்தவுடன் கோப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் கையெழுத்திட்டுத் தொகை எழுதப்படாத காசோலை எதுவும் வெளியில் இல்லை. காசோலைப் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள், கணக்கேடு ஆகியவற்றை ஒப்படைப்பதற்கான பட்டியலை இத்துடன் வைத்துள்ளேன். புதிய பொருளாளருக்கு விளக்கம் தேவைப்பட்டால் வந்து உதவத் தயாராக உள்ளேன். நன்றி.”

இந்தக் கடிதத்தில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. தலைவரின் பெயர்கூட இல்லை. ‘பணம் காணோம்’ என்று சொல்லவில்லை, ‘பில் வந்து சேரவில்லை’ என்றுதான் சொல்கிறது. அது உண்மையும்கூட. தலைவர் இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டாலும், மறுக்க எதுவும் இல்லை. பழைய பில்களைத் தேடி எடுத்துத் தர அவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. திருவிழா முடிந்து இரண்டே மாதம் ஆன நிலையில் கூடாரக்காரரிடமும் பூக்கடையிலும் கேட்டால் மறுபடி ரசீது எழுதித் தருவார்கள். ஓராண்டு போனால் முடியாது.

தேதியும் ஒரு வார்த்தையும்

இதில் இரண்டு விவரங்கள் சின்னதாகத் தெரியும். ஆனால் பின்னால் சண்டையைத் தீர்ப்பவை அவைதான்.

ஒன்று, விலகல் நடப்புக்கு வரும் தேதி. ‘உடனடியாக விலகுகிறேன்’ என்று எழுதுவது கோபத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் மூன்று கையெழுத்தில் ஒன்று நின்றுபோனால் குருக்கள் சம்பளமும் மின்கட்டணமும் நிற்கும். அப்புறம் ‘கோயிலை முடக்கிவிட்டுப் போனார்’ என்ற பெயர் வரும். நான்கு வாரம் போல் இடைவெளி கொடுத்து, அதற்குள் வழக்கமான செலவுகளுக்கு மட்டும், பில்லைப் பார்த்துக் கையெழுத்திடுவதாகச் சொல்லலாம். பொருளாளர் நீண்ட காலம் இல்லாதபோது செயலவையிலிருந்து ஒருவரைக் கையெழுத்திட நியமிக்க மாதிரிச் சட்டவிதியில் இடம் உண்டு. காலியான இடத்துக்கும் வழி இருக்கிறது. கடந்த தேர்தலில் அடுத்து அதிக வாக்குப் பெற்றவரை அழைக்கலாம். அப்படி ஒருவர் இல்லை, அல்லது அவர் மறுக்கிறார் என்றால், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை செயலவையே ஓர் உறுப்பினரை நியமித்துக்கொள்ளலாம். உங்கள் ஆலயத்தின் சட்டவிதியில் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்பதால் அதை முதலில் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, எதிலிருந்து விலகுகிறோம் என்பது. பொருளாளர் பொறுப்பு வேறு, செயலவை உறுப்பினர் இடம் வேறு, ஆலயத்தின் உறுப்பினர் தகுதி வேறு. மனக்கசப்பில் ‘ஆலயத்திலிருந்து விலகுகிறேன்’ என்று எழுதிவிட்டால், உறுப்பினர் தகுதியையும் விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அப்படிப் போனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்காரவும், கணக்கறிக்கையைக் கேட்கவும், தம் காலத்துக் கணக்குக்குத் தாமே பதில் சொல்லவும் உரிமை இருக்காது. ‘சாதாரண உறுப்பினராகத் தொடர்கிறேன்’ என்ற அந்த ஒரு வரி அதற்காகத்தான். சந்தாவையும் தவறாமல் கட்டி வர வேண்டும்.

புலனக் குழுவுக்கு வேண்டாம்

கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். செயலவையின் கைக்குப் போகும் இந்தக் கடிதத்தைத் தாமான் புலனக் குழுவில் போடுவது வேறு கதை. ஒரு சங்கத்தின் கணக்கை அந்தச் சங்கத்துக்குள் எழுப்புவது உறுப்பினரின் கடமை. அதையே உறுப்பினர் அல்லாத 200 பேர் இருக்கும் குழுவில், கோபமான நான்கு சொற்களோடு போட்டால், அவதூறு வழக்கு என்ற மிரட்டலுக்கு நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். எண்கள் இருந்த இடத்தில் வசவுகள் வந்துவிடும். அதன் பிறகு பில் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். யார் யாரைத் திட்டினார் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

மறுப்பு ஏதாவது இருந்தால் அது பதிவாக வேண்டிய இடம் கூட்டக் குறிப்பேடு. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துக் கேட்டபோது பொருளாளர் மறுத்தார் என்றால், அடுத்த செயலவைக் கூட்டத்திலேயே அதைச் சொல்லி, குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும். ‘தொகையும் பெறுபவர் பெயரும் எழுதப்பட்ட பிறகே கையெழுத்திடப்படும் எனப் பொருளாளர் தெரிவித்தார்’ என்று எழுதினால் போதும். பல நிர்வாகங்களில் முந்தைய கூட்டக் குறிப்பை வாசிக்காமலே ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று போய்விடுகிறார்கள். தான் சொன்னது அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கை தூக்கியவருக்குப் பின்னால் அந்தக் குறிப்பேடு உதவாது.

மென்மை போதாத இடம்

எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்தாது. பில் தாமதம் ஒரு விஷயம், கையெழுத்தைப் போலியாகப் போடுவது இன்னொரு விஷயம். ரசீதுப் புத்தகம் ஒன்று முழுதாகக் காணாமல் போவது, வங்கிக் கணக்கறிக்கையைப் பொருளாளர் கண்ணிலேயே காட்டாதது, அரசாங்க மானியம் வந்த கணக்கைத் திறக்க மறுப்பது போன்றவற்றில் மென்மையான விலகல் கடிதம் தவறான கருவி. அங்கே நன்றி சொல்லி விலகுவது, தெரிந்தும் மூடிவைத்ததாகப் பின்னால் பார்க்கப்படலாம். முதலில் செயலவையில் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் சட்டவிதியில் சொல்லியபடி சிறப்புப் பொதுக்கூட்டம் கோரலாம். பதிவிலாகாவில் புகார் செய்யலாம். போலிக் கையெழுத்து என்றால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. விலகல் கடிதம் அதற்குப் பிறகு வரட்டும்.

எது எந்த வகை என்று பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. பில் கேட்டபோது எதிர்ப்பக்கத்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சலித்துக்கொண்டாலும் தேடிப் பார்த்து இரண்டு மூன்றையாவது கொண்டுவந்தால், அது பெரும்பாலும் பழக்கக் கோளாறு. கேட்டவரையே கோயிலுக்கு எதிரி என்று பேசத் தொடங்கினால், ஒப்படைப்புத் தாளோடு நிற்க முடியாது.

கடிதத்தைப் பெறும் பக்கம்

இறுதியாக, நிர்வாகத்தில் தொடர்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விலகல் கடிதம் வந்ததும் ‘மனசு மாறுங்க அண்ணே’ என்று வீடு தேடிப்போவது நம் வழக்கம். போகட்டும். ஆனால் அடுத்த செயலவைக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்து, ஏற்றுக்கொண்ட தேதியைக் குறிப்பில் எழுதி, ஒப்படைப்புப் பட்டியலில் இரண்டு பக்கமும் கையெழுத்திட வேண்டும். வங்கிக்குப் புதிய பெயரை அனுப்ப வேண்டும். பில் வராத 1,780 ரிங்கிட்டுக்கு யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்பதையும் எழுத வேண்டும். பில் கிடைக்கவே இல்லையென்றால், செலவு செய்தவர் விவரத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்து, அதைச் செயலவை ஏற்கிறதா இல்லையா என்று முடிவெடுத்துப் பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாக வைக்கலாம். ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

பொதுக்கூட்டத்துக்குப் போகும் சாதாரண உறுப்பினர்கள், நிர்வாகத்தில் இடையில் யாராவது விலகியிருந்தால் ‘ஏன் விலகினார்’ என்று கேட்க வேண்டியதில்லை. அது அவருடைய விருப்பம். அவர் எந்தத் தேதியில் விலகினார், அன்று வங்கியிலும் கையிலும் எவ்வளவு இருந்தது, ஒப்படைப்புத் தாளில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்ற மூன்றைக் கேட்டால் போதும். தாள் இருந்தால் செயலாளர் அதை அங்கேயே எடுத்துக் காட்டிவிடுவார்.